கேஸை மூடினேனா? ஓசிடி சிகிச்சை சறுக்கும் இடங்கள்

தெருமுனை வரை போனவர் 'ரெகுலேட்டரை மூடினோமா?' என்று திரும்பி வந்து பார்ப்பது எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஓசிடி என்பது, வேண்டாத சந்தேகமும் அதைத் தீர்க்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயமும் பிடித்துக்கொள்ளும் மனநலக் கோளாறு. அது உள்ளவருக்கோ பார்த்த பிறகும் சந்தேகம் தீராது. 'இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துட்டா நிம்மதி' என்று நம்புவதுதான் முதல் தவறு. நெதர்லாந்தில் வான் டென் ஹவுட், கின்ட் ஆகியோர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைப் பலமுறை சரிபார்க்கச் சொன்னார்கள். கலந்துகொண்டவர்கள் கடைசியாகப் பார்த்ததைச் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகி, அதன் மேலிருந்த நம்பிக்கை குறைந்துபோயிருந்தது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வளர்கிறது. போதாததற்கு, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் சின்ன நிம்மதி, 'பார்த்ததால்தான் தப்பித்தோம்' என்று மனதுக்குப் பழக்கிவிடுகிறது.

ஈஆர்பி என்கிற எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன் சிகிச்சை இந்தப் பழக்கத்தை உடைக்கிறது. பதற்றம் தரும் சூழலுக்குள் வேண்டுமென்றே போய், வழக்கமான சடங்கை, அதாவது சந்தேகம் தீரத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலை, செய்யாமல் இருப்பதுதான் முறை. கேஸைத் திறந்துவிட்டுப் போகச் சொல்வதில்லை. எல்லோரையும் போல ஒரு தடவை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெண் அப்படிக் கிளம்பி பஸ் ஸ்டாப்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதற்றம் நூற்றுக்கு 70. திரும்பிப் போகவில்லை. ஆனால் கிளம்பும்போது போனில் எடுத்த ரெகுலேட்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். பதற்றம் 20-க்கு இறங்குகிறது. பயிற்சி பலித்துவிட்டது என்று நினைக்கிறார். உண்மையில் சடங்கு சமையலறையிலிருந்து போனுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. மாமியாருக்குப் போன் போட்டு, "அத்தை, கேஸ் மூடியிருக்கான்னு பாருங்களேன்" என்று கேட்பதும் இதே கணக்குதான். குமிழைத் திருகிய நொடியை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும் சடங்குதான். வெளியே தெரியாததால் இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'இதை எதற்குச் செய்கிறேன்?' என்று கேட்டுப் பாருங்கள். சந்தேகத்தை உடனே தீர்த்துக்கொள்ளத்தான் என்றால், அது சடங்கு.

வீட்டார் பாசத்தில்தான் "மூடிட்டே, போம்மா" என்கிறார்கள். அந்தப் பதிலும் சடங்குக்குத் தீனி. முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, "இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் பதில் சொல்லப் போறதில்ல" என்று கோபப்படாமல் சொல்லலாம். நோயாளியின் சம்மதமில்லாமல் ஒரே நாளில் எல்லா உதவியையும் நிறுத்துவது வேறொரு தவறு, சண்டைதான் மிஞ்சும்.

பதற்றம் பூஜ்யத்துக்கு வந்தால்தான் வெற்றி என்று அளப்பதும் சரியல்ல. சில நாள் மெதுவாகத்தான் இறங்கும், சில நாள் இறங்கவே இறங்காது. கேள்விக்கு விடை தெரியாமலே ஆபீஸ் போய் வேலையைப் பார்த்தாரா என்பதே கணக்கு. தாங்காமல் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டால் அன்றைய நாளைக் கைவிட வேண்டாம்: ரெகுலேட்டரை ஒருமுறை திறந்து, மூடி, மறுபடி பார்க்காமல் கிளம்பலாம். அதுவும் அடிக்கடி முடியாமல் போனால், எடுத்த படி உயரம் என்று பொருள். முழுநாள் வெளியூர்ப் பயணத்தை விட்டு, பக்கத்துக் கடைக்குப் போய்வரும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் படிகளை ஈஆர்பி தெரிந்த உளவியலாளரோடு சேர்ந்து வரிசைப்படுத்துவது நல்லது. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருந்தால், பயிற்சி நன்றாகப் போகிறதென்று அதைத் தானாக நிறுத்தக் கூடாது.