ஸ்விட்ச் நடுவில் வந்தால் எச்டிஆர் ஏன் போகிறது?

கோபிச்செட்டிபாளையத்தில் மாமா வீட்டு டிவியில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டையும் ஒரு எச்டிஎம்ஐ ஸ்விட்சில் சொருகியிருந்தார்கள். 4கே வந்தது, வெளிச்சத்தையும் நிறத்தையும் தூக்கிக் காட்டும் எச்டிஆர் மட்டும் வரவில்லை. “டிவி போயிருச்சுங்களா மாப்ள?” என்றார் மாமா.

பிஎஸ்5 ஒயரை நேராக டிவியில் சொருகினேன், எச்டிஆர் வந்துவிட்டது. அப்போ ஸ்விட்ச்தான். அது எச்டிஎம்ஐ 1.4, நொடிக்கு 10.2 ஜிகாபிட்தான் தாங்கும். 60 ஃபிரேமில் 4கே எச்டிஆர் அதற்குள் அடங்காது. எச்டிஎம்ஐ 2.0, 18 ஜிகாபிட் என்று போட்ட ஸ்விட்ச் வேண்டும்.

அதிலும் படம் இரண்டு நொடி கருத்துப் போனால் முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். குட்டையான ஒயர் மாற்றுங்கள், அப்புறம் பிஎஸ்5-இல் `4K Video Transfer Rate`-ஐ `-1` ஆக்கிப் பாருங்கள்.

ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரித்து அனுப்பும் ஸ்ப்ளிட்டர் கதை வேறு. இரண்டு டிவியில் ஒன்று பழசு என்றால், பெரும்பாலும் அது தாங்கும் தரத்திலேயே இரண்டுக்கும் படம் போகும்.