பழைய மேனேஜரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது

வெளிநாட்டுக்கு வரும்போது கொண்டுவந்த ஃபைலில் அனுபவச் சான்றிதழும் ரிலீவிங் லெட்டரும் இருக்கும். ஆனால் வேலைக்கோ படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் கேட்டால் அவை போதாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை பார்த்தீர்கள் என்று கம்பெனி சொல்வது அனுபவச் சான்றிதழ். உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் தன் பெயரில் சொல்வதுதான் பரிந்துரைக் கடிதம். ஆகவே எச்.ஆரிடம் கேட்காமல் பழைய மேனேஜரிடமே கேளுங்கள்.

முதல்முறை நான் ரெஸ்யூமேயை இணைத்து, "சார், ஒரு ரெகமண்டேஷன் லெட்டர் வேண்டும்" என்று மட்டும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்து நாலு வரி வந்தது. கடின உழைப்பாளி, நேர்மையானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள். என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும்! அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குப் பிறகு அவரிடம் எத்தனையோ பேர் வேலை பார்த்துவிட்டார்கள். என்னை ஞாபகம் இருந்தது, நான் செய்த வேலைதான் மறந்துபோயிருந்தது.

இப்போது இரண்டு மெயிலாகப் பிரித்துக்கொள்கிறேன். முதல் மெயிலில் கேள்வி மட்டும்: எதற்காக, எந்தத் தேதிக்குள், எழுத முடியுமா. "இப்போது நேரமில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள் சார்" என்று ஒரு வரியும் சேர்ப்பேன். நம் ஆட்கள் முடியாது என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிடுவது நல்லது. கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பாவது கேட்டால்தான் அதற்கும் நேரம் இருக்கும்.

சரி என்று பதில் வந்த பிறகு விவரங்கள் அடங்கிய இரண்டாவது மெயில். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"சார், வணக்கம். சம்மதித்ததற்கு நன்றி. நான் விண்ணப்பிப்பது கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு, விளம்பரத்தை இணைத்திருக்கிறேன். பிழையில்லாமல் சரக்கு அனுப்புவதும் ஆட்களை வைத்து வேலை வாங்குவதும் அவர்களுக்கு முக்கியம். 2019 ஜூன் முதல் 2022 ஆகஸ்ட் வரை டிஸ்பாட்ச் பிரிவில் உங்களிடம் இருந்தேன். முதல் வருடம் மாதத்துக்கு 40 பார்சல் வரை தவறாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தன. ரேக்குகளுக்கு எண் போட்டு, பேக் செய்தவர் அல்லாத இன்னொருவர் சரிபார்க்கும்படி மாற்றினோம். அது 10க்குக் கீழே வந்தது. ஸ்டாக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை இடித்த அன்று ராத்திரி நீங்களும் கூட இருந்தீர்கள். உங்கள் நினைவில் வேறு மாதிரி இருந்தால் உங்கள் கணக்கையே எழுதுங்கள்."

இதில் அந்த ராத்திரியைப் பற்றிய வரிதான் அதிகம் வேலை செய்தது. எண்ணைப் படித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தான் நேரில் இருந்த சம்பவம் என்றால் அதைத் தொட்டு நாலு விஷயம் அவருக்கே ஞாபகம் வரும். இப்படி இரண்டோ மூன்றோ சம்பவம் போதும். பத்து அனுப்பினால் எதை எடுப்பது என்று அவருக்கே குழப்பம். அவர் பார்க்காத வேலையை, அது எவ்வளவு பெரிதானாலும், சேர்க்காதீர்கள். கடிதம் கிடைத்தவர்கள் அவருக்கு போன் போட்டு விசாரிக்கலாம். அப்போது அவர் திணறினால் உங்களுக்குத்தான் சங்கடம்.

"நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று அவர் சொல்லலாம். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் ரெஸ்யூமேயும் கடிதமும் ஒரே கை எழுதியதுபோல இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். சில இடங்களில் விண்ணப்பதாரரே எழுதக் கூடாது என்று விதியும் உண்டு. "குறிப்பு எல்லாம் நான் தருகிறேன், வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும் சார்" என்று சொல்லிப் பாருங்கள். போனில் பேசச் சொல்லி நீங்கள் குறித்துக்கொண்டு, அதை அவருக்கு அனுப்பித் திருத்தச் சொல்வது இன்னொரு வழி. விதி கறாராக இருக்கும் இடத்துக்கு அதுவும் வேண்டாம்.

அப்புறம், கடிதம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் அந்த இரண்டாவது மெயிலிலேயே எழுதுங்கள். கம்பெனி லெட்டர்ஹெட் வேண்டுமா, உங்களிடம் தரலாமா, அவரே நேராக அனுப்ப வேண்டுமா? கடிதத்தைப் பதிவேற்ற அவருக்கு லிங்க் வரும் என்றால் எந்தப் பெயரிலிருந்து வரும் என்று சொல்லி, ஸ்பேம் ஃபோல்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேலை மாறியிருந்தால் பழைய ஆபீஸ் முகவரிக்கு அந்த லிங்க் போய்ப் பயனில்லை. இப்போது எந்த மெயில் ஐடி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தை அவருடைய ஊர் நேரத்தில் எழுதுங்கள். உங்களுக்கு வெள்ளி மாலை என்பது அவருக்குச் சனிக்கிழமை அதிகாலையாக இருக்கலாம்.

ஒரு வாரம் முன்னால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பழைய மெயிலைத் தேட வைக்காமல் எல்லா விவரத்தையும் அதன் அடியிலேயே மறுபடி ஒட்டிவிடுங்கள்.