முன்னாள் பணியாளருக்குப் பரிந்துரைக் கடிதம்: எழுதுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் தொழிற்சாலைகளில் சில பருவங்கள் வேலை பார்த்துத் தேர்ந்தவர்கள், ஆண்டு முழுவதும் சம்பளம் வரும் வேலையைத் தேடி ஓசூருக்கும் பெங்களூருக்கும் போவது வழக்கம். போகும்போது பழைய மேலாளரிடம் வந்து ஒரு கடிதம் கேட்பார்கள். மேலாளரும் மனமுவந்து எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் அந்தக் கடிதத்தால் கேட்டவருக்கு எந்தப் பயனும் இருப்பதில்லை. பாராட்டு குறைந்துபோனதால் அப்படி ஆவதில்லை. அந்தப் பாராட்டை நம்புவதற்கு ஏதுவான எதுவும் கடிதத்தில் இல்லாததால்தான் ஆகிறது.

முதலில் இரண்டு காகிதங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவியில் இருந்தார் என்று நிறுவனத்தின் ஏட்டைப் பார்த்து யாரும் எழுதிவிடக்கூடியது பணி அனுபவச் சான்றிதழ். பரிந்துரைக் கடிதம் என்பது அவர் வேலையை நேரில் பார்த்த ஒருவர், தான் பார்த்ததைத் தன் பெயரில் சொல்வது. முன்னதை எழுதும் நடையில் பின்னதை எழுதுவதுதான் மற்றத் தவறுகளுக்கெல்லாம் தொடக்கம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். மாங்கூழ் தொழிற்சாலை ஒன்றில் பழக்கொள்முதல் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர், ஓசூரில் உள்ள ஓர் உணவுப் பதப்படுத்தும் நிறுவனத்தில் மூலப்பொருள் தரப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். அவருடைய மேலாளர் முதலில் எழுதியது இது:

“இவர் எங்கள் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றினார். கடின உழைப்பாளி, நேர்மையானவர், எத்தகைய பொறுப்பையும் திறம்பட நிறைவேற்றுவார். இவரால் எங்கள் பழச்சேதம் பாதியாகக் குறைந்தது. இவரைப் போன்ற பணியாளரை நான் கண்டதில்லை. எளிய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதால் தாங்கள் வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்.”

இதில் ஒரு வாக்கியம்கூடக் கெட்ட நோக்கத்தில் எழுதப்பட்டதல்ல. ஆனால் முதல் வாக்கியமே இடறுகிறது. மாங்கூழ் ஆலையில் பழக்கொள்முதல் என்பது கோடையில் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதத்தில் முடிந்துவிடும் வேலை. அவர் பார்த்தது ஐந்து பருவங்கள். ஐந்து முழு ஆண்டுகள் அல்ல. வேலைக்கு எடுப்பவர்கள் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பதிவாகியிருக்கும் சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும் கேட்டுச் சரிபார்ப்பது இப்போது சாதாரணம். அங்கே இடைவெளிகள் தெரிந்தால், மேலாளர் பெரிதுபடுத்திய ஒரு சொல்லுக்காகப் பணியாளர் பொய் சொன்னதாக எண்ணப்படுவார். “ஐந்து மாம்பழப் பருவங்கள்” என்று உள்ளபடி எழுதினால் குறைவொன்றும் இல்லை. ஆலை ஒருவரை ஐந்து முறை திரும்ப அழைத்திருக்கிறது என்பதே ஒரு சாட்சி.

கூடவே, எழுதுபவர் யார், அவர் வேலையை எங்கிருந்து பார்த்தார் என்பதும் அந்த வரைவில் இல்லை. கிடங்கு வாசலில் தினமும் உடன் நின்றவரா, மாதம் ஒருமுறை கணக்குப் பார்க்க வந்தவரா என்று தெரியாமல், அவர் சொல்லும் எதற்கும் எடை போட முடியாது. முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

“கடின உழைப்பாளி, நேர்மையானவர்” என்ற தொடர் எல்லாக் கடிதங்களிலும் இருப்பதால் எந்தக் கடிதத்திலும் யாரும் அதைப் படிப்பதில்லை. அந்தச் சொற்களைத் தூண்டியது எது என்று மேலாளர் தன்னையே கேட்டுக்கொண்டால், சொல்ல வேண்டியது தானாகக் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது ஒரு பேரேடு. ஆலைக்கு வரும் ஒவ்வொரு லாரிப் பழத்திலும் சில பழங்களை எடுத்துச் சாற்றை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, அதன் இனிப்பைக் காட்டும் பிரிக்ஸ் அளவை வண்டி எண்ணோடும் தோட்டத்தின் பெயரோடும் அவர் எழுதிவைத்தார். பெங்களூரா ரக மாங்கூழை வாங்குபவர்கள் பெரும்பாலும் 14 பிரிக்ஸுக்குக் குறையாமல் கேட்பார்கள். ஒரு பருவத்தில், நிரப்பிய டிரம்களில் ஒரு தொகுதி அந்த அளவுக்குக் கீழே நின்றபோது, எந்த மூன்று லாரிகளின் முதிராத பழம் அதற்குள் போயிற்று என்பதை அந்தப் பேரேட்டிலிருந்து அன்று மாலைக்குள் காட்டினார். எந்த அளவுக்கு நல்ல கூழைக் கலந்து சரிசெய்வது என்று உற்பத்திப் பிரிவு முடிவெடுக்க அது உதவியது. இதைப் படிக்கும் தரப் பிரிவுத் தலைவருக்கு, இவர் கவனமானவர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஆலையிலும் அதே சிக்கல் வரும். அதற்கு இந்த மனிதர் என்ன செய்வார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட சம்பவம் ஒன்று போதும். இரண்டு இருந்தால் நல்லது. ஐந்து சம்பவங்களை அடுக்கும் கடிதத்தில் ஒன்றுகூட நினைவில் நிற்காது. எந்தச் சம்பவத்தைத் தேர்வது என்பதைப் போகும் வேலை தீர்மானிக்க வேண்டும். எனவே கடிதம் கேட்டு வருபவரிடம் வேலை அறிவிப்பைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

நுட்பமான தவறு, சேதம் பாதியானது பற்றிய வாக்கியத்தில் இருக்கிறது. எண் இருக்கிறதே, இது குறிப்பான பாராட்டுத்தானே என்று தோன்றும். நூறு கிலோவுக்கு எட்டு கிலோ அழுகலாகக் கழிந்த பழம் நான்கு கிலோவுக்கு இறங்கியது என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அதே பருவத்தில்தான் லாரியில் குவித்து ஏற்றிவந்த பழத்தைப் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் ஏற்றிவர நிர்வாகம் ஏற்பாடு செய்தது; பழம் அடிபடுவது அதனாலேயே குறையும். இந்தத் தொழிலை அறிந்தவர் முதலில் கேட்கும் கேள்வி, “அந்த வருடம் வேறு என்ன மாற்றினீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும். பதில் கடிதத்தில் இல்லாவிட்டால், மீதி வரிகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். இருந்தால், அதற்குப் பின்வரும் பாராட்டுக்கு வலு கூடும். கிரேட்டுகளை நிர்வாகம் வாங்கியது. எந்தெந்த விவசாயிகளுக்கு முதலில் கொடுப்பது என்பதைத் தன் பேரேட்டைப் பார்த்து, அதிகம் அடிபட்டுவரும் தோட்டங்களாகத் தேர்ந்து சொன்னவர் இவர் என்று எழுதலாம். ஆலையின் சாதனையை ஒருவர் தலையில் ஏற்றாமல், அதில் அவர் செய்த பங்கை அளந்து சொல்வதுதான் அளவான பாராட்டு.

“இவரைப் போன்றவரைக் கண்டதில்லை” என்பதை அப்படியே விடவும் வேண்டாம், அழித்துவிடவும் வேண்டாம். யாரோடு ஒப்பிட்டீர்கள் என்பதைச் சேர்த்தால் அதுவே பயனுள்ள தகவலாகும். “என் பொறுப்பில் பழக்கொள்முதலைக் கவனித்த நால்வரில், பதிவுகளைப் பேணுவதில் இவரே முதலாவது” என்னும்போது ஒப்பிட்ட வட்டம் சிறியது என்பது தெரிகிறது. எந்த வகையில் முதலாவது என்பதும் தெரிகிறது. வட்டத்தை மறைத்துவைத்தால் அது வெறும் உபசார வார்த்தை.

கடைசி வாக்கியத்தை முழுவதுமாக நீக்க வேண்டும். குடும்பநிலை, சாதி, ஊர், திருமணம், உடல்நலம் ஆகியவை அவர் வேலையைப் பற்றிய செய்திகள் அல்ல. நம் பக்கத்தில் இரக்கத்தால் இதை எழுதுபவர்கள் நிறையப் பேர். படிப்பவருக்கோ, வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாததால்தான் வறுமையைச் சொல்கிறார் என்று படும்.

குறைகளை என்ன செய்வது என்பதுதான் எழுதுபவரைத் தயங்கவைக்கும் கேள்வி. இந்த மேற்பார்வையாளர் கணினியில் இருப்புக் கணக்கு வைத்ததில்லை என்று கொள்வோம். “கணினி அறிவும் உண்டு” என்று சேர்ப்பது பொய். அதைப் பற்றி வாய் திறக்காமல் விடுவது பொய்யில்லை என்றாலும், புதிய வேலையில் அது முக்கியம் என்றால் முதல் வாரத்திலேயே வெளிப்படும். “அவர் பதிவுகள் கையால் எழுதப்பட்டவை, கணினிப் பதிவு எங்கள் ஆலையில் வேறொருவர் பொறுப்பில் இருந்ததால் அதில் அவர் திறனைப் பற்றி நான் சொல்ல இயலாது” என்று எழுதினால், பார்த்ததற்கும் பாராததற்கும் எல்லை போட்டதாகும். உண்மையான குறை ஒன்று இருந்து, அது இந்த வேலைக்குத் தடை என்று நீங்களே நினைத்தால், வேறொருவரிடம் கேட்கும்படி நேரிலேயே சொல்லிவிடுவது நாகரிகம். ஒப்புக்கொண்டுவிட்டு, “நேரத்துக்கு வருவார், பணிவானவர்” என்று மட்டும் எழுதிக் கொடுப்பது மறுப்பதைவிடக் கொடியது. மேற்பார்வைப் பதவிக்கான கடிதத்தில் அந்த இரண்டு மட்டும் இருந்தால், மற்றவை இல்லை என்றே படிக்கப்படும்.

கேள்விப்பட்ட குறையை எழுதுவது வேறு வகை ஆபத்து. பிறர் நலனைக் காக்க நல்லெண்ணத்துடன் சொல்லும் கருத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறிலிருந்து விலக்கு அளிக்கிறது. ஆனால் உரிய கவனம் எடுக்காமல் செய்தது எதுவும் அந்தச் சட்டத்தில் நல்லெண்ணம் ஆகாது. லாரி ஓட்டுநர் சொன்னார், கணக்கர் சொன்னார் என்பதெல்லாம் கடிதத்துக்குள் வரவே கூடாது.

மேலே சொன்னவற்றைக் கொண்டு எழுதினால் கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி அமையும்:

“நான் இந்த ஆலையின் உற்பத்தி மேலாளர். இவர் ஐந்து மாம்பழப் பருவங்கள் பழக்கொள்முதல் மேற்பார்வையாளராக நேரடியாக என் கீழ் பணியாற்றினார். பருவ நாள்களில் தினமும் அவர் வேலையைப் பார்த்தேன். வரும் ஒவ்வொரு லாரிக்கும் பிரிக்ஸ் அளவைப் பதிந்துவைக்கும் வழக்கத்தை எங்கள் ஆலையில் தொடங்கியவர் அவர். ஒரு தொகுதிக் கூழ் வேண்டிய அளவுக்குக் குறைந்தபோது, காரணமான லாரிகளை அன்றே கண்டறிய அந்தப் பதிவே உதவியது. கழிவு சொன்னால் விவசாயிகள் சினப்பது உண்டு. அவர் பழத்தை அவர்கள் முன்னாலேயே பிரித்துக் காட்டிப் பேசி முடிப்பார். மூலப்பொருள் தரச் சோதனையில் அவரை ஐயமின்றிப் பரிந்துரைக்கிறேன். ஆய்வகக் கருவிகளில் ரிஃப்ராக்டோமீட்டரைத் தவிர மற்றவற்றில் அவருக்குப் பயிற்சி தேவைப்படும்.”

“நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லும் பழக்கம் பரவலாக உண்டு. செய்த வேலைகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லலாம்; வாக்கியங்களை வாங்கக் கூடாது. தன்னைப் பற்றி எழுதுபவர் கூச்சத்தால் பொதுச்சொற்களிலேயே நின்றுவிடுவார், அல்லது இணையத்தில் கிடைக்கும் மாதிரியை இறக்கிவிடுவார். அதைவிடப் பெரிய சிக்கல், ஓசூரிலிருந்து தொலைபேசி வரும்போது எழும். “அந்தப் பேரேடு விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்கள் சார்” என்று கேட்டால், கையெழுத்து மட்டும் போட்டவரால் விளக்க முடியாது.

அதனால் கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்வதும், தேதியும் பதவியும் பேசக்கூடிய எண்ணும் கீழே இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். அந்தத் தொலைபேசியில் அநேகமாக வரும் கேள்வி, “அவரை மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?” என்பது. எடுப்பீர்கள் என்றால், எந்த வேலைக்கு என்பதோடு சேர்த்து அதைக் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.