ஜிஎஸ்டி நம்பர் இருந்தால் பார்ட்னர்ஷிப் பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கம் மாமனும் மச்சானுமாக ஒரு அரிசி ஆலை நடத்துகிறார்கள். நான் கணக்கு பார்க்கிற ஆட்களில் இந்த இருவரும் உண்டு. 2022-ல் வெளியூர் மொத்த வியாபாரி ஒருவருக்கு மூன்று லோடு பொன்னி அனுப்பினார்கள், லோடுக்கு 3 லட்சத்து 80 ஆயிரம், ஒவ்வொன்றுக்கும் முப்பது நாள் தவணை. முதல் லோடு பிப்ரவரி 10, அடுத்தது மார்ச் 24, கடைசி மே மாதம். பணம் வரவில்லை. "இந்த அறுவடை முடியட்டும், அடுத்த அறுவடை முடியட்டும்" என்று அந்த ஆள் இழுத்தடிக்க, இவர்களும் பழகிய மனிதர் ஆயிற்றே என்று விட்டுவிட்டு, 2025 பிப்ரவரி கடைசியில்தான் வக்கீலைப் பார்க்கப் போனார்கள்.

வக்கீல் முதலில் கேட்டது "ஃபர்ம் பதிவுச் சான்றிதழ் எங்கே?" என்பதைத்தான். மாமா ஜிஎஸ்டி சான்றிதழை எடுத்து நீட்டினார். அது இல்லை என்றதும் ஃபர்ம் பேரில் இருந்த பான் கார்டு, அப்புறம் சிறு தொழில்களுக்குக் கொடுக்கிற உத்யம் சான்றிதழ், கடைசியாக முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிய ஒப்பந்தம். ஒன்றும் உதவவில்லை. இவை எல்லாம் வரிக்கும் வங்கிக்கும் சலுகைக்கும் ஆனவை. 1932-ஆம் வருஷத்து இந்திய பங்காண்மைச் சட்டம் சொல்லும் பதிவு என்பது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் ஃபர்ம் பதிவேட்டில் உங்கள் ஃபர்மும் பார்ட்னர்களின் பெயர்களும் ஏறுவது. அது வேறு.

அந்தப் பதிவு கட்டாயம் இல்லை, செய்யாவிட்டால் அபராதமும் இல்லை. அதனால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு, பதிவில்லாத ஃபர்ம் தன் வியாபார ஒப்பந்தத்தின் பேரில் வெளியாள் மீது பணம் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. உங்கள் மேல் மற்றவர் வழக்குப் போடத் தடை ஏதும் இல்லை. நெல் விற்ற விவசாயி உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம், அரிசி வாங்கியவரை நீங்கள் இழுக்க முடியாது. பார்ட்னர்களுக்குள் சண்டை வந்தாலும் இதே கதைதான், ஃபர்மைக் கலைத்துக் கணக்கு முடிக்கக் கேட்கலாமே தவிர, ஒப்பந்தத்தில் எழுதிய மற்ற உரிமைகளுக்காக ஒருவர் மேல் ஒருவர் போக முடியாது.

வழக்குப் போடும் நாளில் பதிவு கையில் இருக்க வேண்டும். போட்டுவிட்டு நடுவில் பதிந்துகொண்டால் அந்த வழக்கு பிழைக்காது. சரி, முதலில் பதிவோம் என்று மாமாவும் மச்சானும் ஓடினார்கள். ஃபர்ம் பெயர், முகவரி, ஒவ்வொருவரும் எந்தத் தேதியில் சேர்ந்தார், எவ்வளவு காலத்துக்கு என்று விண்ணப்பத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குவதற்குள் ஏப்ரல் நடு ஆகிவிட்டது. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட, தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று வருஷம்தான் காலக்கெடு. முதல் லோடின் தவணை 2022 மார்ச் 12-ல் முடிந்தது, எனவே 2025 மார்ச் 12-ஓடு அந்த 3 லட்சத்து 80 ஆயிரம் கைவிட்டுப் போனது. இரண்டாவது லோடுக்கு ஏப்ரல் 23 வரை நேரம் இருந்தது, சில நாள் இடைவெளியில் தப்பியது. மூன்றாவதும் தப்பியது. கெடு முடிவதற்குள் அந்த வியாபாரியிடம் "இவ்வளவு பாக்கி தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கியிருக்கும். யாரும் அதை அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

பதிவு செய்தால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பது அடுத்த தவறு. பார்ட்னர்ஷிப்பில் ஃபர்மின் கடன் ஒவ்வொரு பார்ட்னரின் முழுக் கடன். பாதிப் பங்குக்காரர் என்பதால் பாதிக் கடன்தான் என்று கிடையாது. ஃபர்மில் பணம் இல்லையென்றால் கடன்காரர் மச்சானை விட்டுவிட்டு மாமாவின் நஞ்சையை மட்டும் பிடிக்கலாம், அப்புறம் மாமா மச்சானிடம் வசூல் செய்துகொள்ள வேண்டியதுதான். எழுத்தில் எதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் லாபம் பிரித்துக்கொண்டு சேர்ந்து வியாபாரம் செய்தாலும் அது பார்ட்னர்ஷிப்தான். ஊரில் செல்வாக்குள்ள சித்தப்பாவின் பெயரைப் பார்ட்னர் என்று அவர் சம்மதத்தோடு பில்லில் போட்டு, அதை நம்பி ஒருவர் கடன் கொடுத்தால் சித்தப்பாவும் மாட்டுவார்.

ஒருவரே நடத்துகிற கடைக்கு இந்தப் பதிவுச் சிக்கல் இல்லை. கடைப் பெயர் சட்டத்தின் கண்ணில் தனி ஆள் இல்லை, உரிமையாளர் தன் பெயரில் வழக்குப் போடலாம். ஆனால் கடைக் கடனும் வீட்டுக் கடனும் ஒன்றுதான். கையிலிருந்து முதல் போட்டு, கடன் கொடுக்காமல் சின்ன அளவில் ஓட்டுகிறவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

வீட்டையும் நிலத்தையும் காப்பாற்ற வேண்டும் என்றால் எல்.எல்.பி., அதாவது பார்ட்னர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள பார்ட்னர்ஷிப், அல்லது பிரைவேட் லிமிடெட் கம்பெனி. இரண்டும் பதிவு ஆனபிறகே பிறக்கின்றன, அதனால் 69-ஆம் பிரிவுப் பிரச்சினையே கிடையாது. இங்கே செய்யும் தவறு வேறு மாதிரி. "லிமிடெட் ஆச்சே, நமக்கு என்ன" என்று வங்கியில் கடன் பத்திரங்களோடு சொந்த ஜாமீன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். போட்ட கையெழுத்துக்கு அந்தக் கடன் அளவில் உங்கள் சொத்து முழுதும் பொறுப்பு. லிமிடெட் என்பது நெல் விற்றவர், சாக்கு விற்றவர், லாரிக்காரர் போன்றவர்களின் பாக்கிக்குத்தான் பெரும்பாலும் உதவும்.

வருஷாந்திர தாக்கலை விடுவது இன்னொன்று. எல்.எல்.பி.க்கு மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8, ஆலை ஒரு நாள் கூட ஓடாத வருஷத்திலும். கம்பெனி என்றால் விற்பனை எவ்வளவு குறைவானாலும் தணிக்கை உண்டு. கம்பெனியின் வருஷாந்திரப் படிவம் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவத்தை ஒரு வருஷம் மறந்தால் 73 ஆயிரம். மூன்று வருஷம் தொடர்ந்து விட்டால் இயக்குநர் ஐந்து வருஷத்துக்குத் தகுதி இழப்பார். கல்லாவிலிருந்து பெண் கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கமும் கம்பெனியில் செல்லாது. அது இயக்குநருக்குக் கம்பெனி கொடுத்த கடனாகிறது, அதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது, வரியும் வந்து நிற்கலாம்.

அந்த ஆலைக்கு எல்.எல்.பி. சரியாக இருக்கும் என்று சொன்னேன். கடன் வியாபாரம், இரண்டு குடும்பம், நிலம் எல்லாம் இருக்கிறதே. அவர்கள் இப்போதைக்குப் பார்ட்னர்ஷிப்பிலேயே இருக்கிறோம் என்றார்கள். சரி. ஆனால் இந்த வருஷம் மாமாவின் மகனைப் பார்ட்னராகச் சேர்த்து, புது ஒப்பந்தத்தில் அவருக்குச் சம்பளம் எவ்வளவு, முதலுக்கு வட்டி எவ்வளவு என்று எழுதி (எழுதாவிட்டால் ஃபர்மின் வரிக் கணக்கில் அதைக் கழிக்க முடியாது) கையெழுத்தான அன்று நான் கேட்டது ஒன்றே ஒன்று. மகன் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டதா? ஃபர்ம் பதிவாகியிருந்தாலும், வழக்குப் போடுகிற பார்ட்னரின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மச்சான் அன்றைக்கே திருவாரூருக்கு வண்டி எடுத்தார்.