எந்த விறைப்பு? கேஸ் ரிப்போர்ட்டை ஆங்கிலமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துப்பிழையையும் காலக்குழப்பத்தையும் சஞ்சிகை ஆசிரியரே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுவோம். நல்ல ஆங்கிலத்தில் இருப்பதாலேயே யார் கண்ணிலும் படாமல் போகிற தவறுகள்தான் ஆபத்தானவை.

விறைப்பு

கொழும்பில் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழி இது. எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது. எங்கள் பேச்சில் ‘கை விறைக்குது’ என்றால் பெரும்பாலும் உணர்ச்சி இல்லை என்று பொருள். பல் பிடுங்கப் போடுவது ‘விறைப்பூசி’ என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் கணினி முன் உட்கார்ந்ததும் கை தானாக ‘ஸ்டிஃப்னஸ்’ என்று தட்டிவிடுகிறது.

இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வையுங்கள்: “48 வயதுத் தையல் தொழிலாளி. மூன்று மாதமாக வலது கை விறைப்பு. இரவில் கூடுதல். காலையில் எழும்பும்போதும் விறைத்திருக்கும், உதறினால் விடும்.” இதை ‘மோர்னிங் ஸ்டிஃப்னஸ்’ என்று எழுதினால் வாசிக்கும் மருத்துவரின் மனம் நேரே மூட்டு அழற்சிக்குப் போய்விடும். எந்தெந்த மூட்டு, விறைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது, ருமட்டோயிட் ஃபக்டர் பார்த்தீர்களா என்று மீளாய்வாளர் கேட்பார். அறிக்கையிலோ நரம்புக் கடத்தல் பரிசோதனை முடிவும் கார்பல் டனல் என்ற நோய்நிர்ணயமும் இருக்கும். நோய் வரலாறு நோய்நிர்ணயத்தோடு பொருந்தவில்லை என்று கட்டுரை திரும்பி வரும். மருத்துவர் எழுதியது சரி, ஆனால் பழி அவர் தலையில்.

விடை அதே பத்தியிலேயே இருந்தது. உதறினால் விடுவதும் இரவில் எழுப்பிவிடுவதும் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதன் அடையாளங்கள். அங்கே வேண்டிய சொல் ‘நம்ப்னஸ்’. விரலை மடக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் அசைத்தபின் இலகுவாகிறது என்று இருந்தால் மட்டுமே ‘ஸ்டிஃப்னஸ்’ பக்கம் சாயலாம். கோப்பை கைநழுவுவது இரண்டிலும் நடக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தொடங்குமுன் கோப்பில் ‘விறை’ என்று மட்டும் தேடுங்கள். விறைப்பு, விறைத்து, விறைச்சு எல்லாம் அகப்படும். ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றவே கூடாது. காய்ச்சலோடு வரும் ‘கழுத்து விறைப்பு’ உண்மையிலேயே ஸ்டிஃப்னஸ்தான். அதை நம்ப்னஸ் ஆக்கினால் மூளைக்காய்ச்சலின் முக்கியமான குறியே காணாமல் போகும்.

சந்தேகம் தீராவிட்டால் மருத்துவரிடமே கேளுங்கள், ஆனால் அகராதிக் கேள்வி வேண்டாம். “தொட்டால் தெரியேல்லையா டொக்டர், மடக்க ஏலாதா?” என்றால் உடனே பதில் வரும். “சிங்களத்தில ‘ஹிரிவெட்டெனவா’ எண்டு சொல்லுற மாதிரியா?” என்றும் கேட்கலாம். கொழும்பில் இது அகராதியைவிட வேகமானது.

நம்ப்னஸ் என்று முடிவான பிறகும் ஒரு படி இருக்கிறது. நோயாளி சொன்னதற்கும் மருத்துவர் சோதித்துக் கண்டதற்கும் ஒரே சொல்லைப் போடாதீர்கள். முன்னது நோயாளி தெரிவித்த நம்ப்னஸ், பின்னது பரிசோதனையில் கண்ட தொடுவுணர்வுக் குறைவு. “பரிசோதனையில் விறைப்பு இருந்தது” என்று மருத்துவர் சுருக்கியிருந்தால், பஞ்சால் தொட்டாரா ஊசிமுனையால் குத்தினாரா என்று கேட்டு எழுதுங்கள்.

விரல் எண்

‘நாலாம் விரல்’ என்றிருந்தால் எங்கிருந்து எண்ணினார் என்று கேளுங்கள், பிறகு பெயரால் எழுதுங்கள். மேலே சொன்ன, மணிக்கட்டில் நெரிபடும் நரம்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பெருவிரல் பக்கத்துப் பாதி ஆகியவற்றின் உணர்ச்சிக்குப் பொறுப்பு. சின்னவிரல் வேறு நரம்பு. எண்ணிக்கை ஒன்று பிசகினால் நரம்பே மாறிவிடும்.

சத்தி, தடிமன், சலரோகம்

வாந்தி, ஜலதோஷம், நீரிழிவு. பலம், பருமன், சிறுநீர் வியாதி அல்ல.

அலகு

ஆய்வுகூடம் தந்த அலகை நீங்களாக மாற்றாதீர்கள். சஞ்சிகை கேட்டால் இரண்டையும் போடுங்கள். mg/dL அளவை mmol/L ஆக்க குளுக்கோசுக்கு 18ஆல் வகுக்கும் கணக்கு கிரியேட்டினினுக்குப் பொருந்தாது, அங்கே µmol/L பெற 88.4ஆல் பெருக்க வேண்டும்.

சம்மதம்

நோயாளி ஒப்பமிட்ட தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சிகிச்சைக்குச் சம்மதம் என்று மட்டும் இருந்தால், ‘வெளியிடச் சம்மதித்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது மொழிபெயர்ப்பு அல்ல. வேலையை நிறுத்திவிட்டு மருத்துவருக்கு அறிவியுங்கள், புதுப் படிவத்தில் ஒப்பம் வாங்க வேண்டியது அவர் பொறுப்பு.