இ.எம்.டி.ஆர்.: விரல் அசையும் முன்பும் செஷன் முடியும்போதும் நடக்கும் தவறுகள்

வேதனையான நினைவை மனதில் வைத்தபடி சிகிச்சையாளரின் விரல் அசைவைக் கண்ணால் தொடர வைக்கும் மனநலச் சிகிச்சைதான் இ.எம்.டி.ஆர். அதன் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது விரலைப் பற்றித்தான். எவ்வளவு வேகம், எத்தனை தடவை? முதல் செட்டுக்குப் போக வர சுமார் 24 அசைவுகள், க்ளையன்ட்டின் கண் தாங்கும் வேகம். கண் வலித்தால் நிறுத்திவிட்டுக் கைகளில் மாறி மாறித் தட்டலாம். இதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். தவறுகள் வேறு இடத்தில் நடக்கின்றன.

1980களின் கடைசியில் ஃபிரான்சின் ஷாபிரோ உருவாக்கிய இந்தச் சிகிச்சைக்கு எட்டுக் கட்டங்கள்: வரலாறு கேட்பது, தயார்படுத்துவது, மதிப்பிடுவது, தணிப்பது, நல்ல நம்பிக்கையைப் பதிப்பது, உடலைக் கவனிப்பது, மூடுவது, அடுத்த முறை மறுமதிப்பீடு. வேதனையான நினைவைக் கிளறுவது நான்காவதில்தான். பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்புக்கு, இது பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் 2013-ல் பரிந்துரைத்தது. ஆனால் "எனக்கு ட்ராமா இருக்கு" என்று சொல்லி வருகிற எல்லோரையும் இரண்டாவது வாரமே நான்காம் கட்டத்துக்கு இழுத்துப் போகக் கூடாது.

பயிற்சிக்காக ஒரு கற்பனை கேஸ் எடுத்துக்கொள்வோம். 34 வயதுப் பெண். ஸ்கூட்டரில் போகும்போது பஸ் உரசி, பின்னால் இருந்த மகனுக்குக் கால் முறிந்தது. எட்டு மாதமாகியும் தூக்கமில்லை, ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. பொருத்தமான கேஸ்தான். அப்படியும் முதலில் டிசோசியேஷன், அதாவது மனம் தன்னையும் சுற்றி நடப்பதையும் விட்டு விலகிப்போவது பற்றிக் கேட்க வேண்டும்: "எப்படி இங்கே வந்தோம்னே தெரியாம நின்னதுண்டா? யாரோ சொல்லித்தான் நீங்க செஞ்சது தெரியவந்ததா?" ஆம் என்று நிறைய வந்தால் நினைவைத் தொடாமல் மேற்பார்வையாளரிடம் போங்கள். தற்கொலை எண்ணம், வலிப்பு, வீட்டில் இன்னும் தொடரும் அடி உதை, எல்லாவற்றையும் கேளுங்கள். பலர் மறப்பது கோர்ட்டை. விபத்து வழக்கில் இவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தால், சிகிச்சைக்குப் பிறகு காட்சி மங்கலாம். உணர்ச்சியில்லாமல் சொல்லவும் நேரலாம். அதை முன்கூட்டியே சொல்லி, வக்கீலிடம் பேசிவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

அடுத்த சறுக்கல் மூன்றாம் கட்டத்தில். மோசமான காட்சி எது என்றால், தாரில் தனியாகக் கிடந்த மகனின் ஒற்றைச் செருப்பு என்கிறார். சரி. "அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோணுது?" என்றால், "பயமா இருக்கு" என்கிறார். பயிற்சி பெறுபவர் அதையே எதிர்மறை நம்பிக்கை என்று எழுதிக்கொள்கிறார். அது உணர்ச்சி. "பஸ்காரன் பாக்காம வந்தான்" என்பது தகவல். நமக்கு வேண்டியது "நான்" என்று தன்னைப் பற்றி, இப்போதும் நம்புகிற வாக்கியம். இன்னொரு தடவை பொறுமையாகக் கேட்டதும் வருகிறது: "பிள்ளையைப் பாத்துக்கத் தெரியாதவ நான்." அதற்கு எதிரே அவர் நம்ப விரும்புவது: "என்னால முடிஞ்சதைச் செஞ்சேன்." இது இப்போது எவ்வளவு உண்மையாகப் படுகிறது என்பதற்கான வி.ஓ.சி. அளவு 1 முதல் 7 வரை. அவர் 2 என்கிறார். வேதனைக்கான எஸ்.யூ.டி. 0 முதல் 10 வரை, 8 என்கிறார். உடலில் எங்கே? நெஞ்சில்.

நான்காம் கட்டத்தில் பயிற்சி பெறுபவரின் வாய்தான் எதிரி. செட் முடிந்ததும் "மூச்சு விடுங்க, இப்ப என்ன வருது?" போதும். நம்மவர் ஆறுதல் சொல்கிறார், அர்த்தம் சொல்கிறார், இரண்டு செட்டுக்கு ஒரு தடவை எஸ்.யூ.டி. கேட்கிறார். நடுவில் அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதில் தம்பி கிணற்றடியில் விழுந்த நினைவு வருகிறது. "அது வேண்டாம், விபத்துக்கு வாங்க" என்று இழுப்பது பெரிய தவறு. மனம் அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. அழுதாலும், நிறுத்தச் சொல்லிக் கை காட்டாதவரை, அதனோடு போக விடுங்கள். புதிதாக எதுவும் வராதபோது செருப்புக் காட்சிக்குத் திரும்பலாம். அதே படம், அதே நெஞ்சு இறுக்கம் என்று பல செட் அசையாமல் நின்றால் மட்டும் ஒரு சிறு கேள்வி: "அந்த நிமிஷத்துல வேற என்ன செஞ்சிருக்க முடியும்?" பதிலை விவாதிக்காமல் அடுத்த செட்.

பத்து நிமிடம்தான் மிச்சம், எஸ்.யூ.டி. 3. இங்கே ஆசை வரும், நல்ல வாக்கியத்தைப் பதித்துவிட்டு அனுப்பலாமே என்று. கூடாது. எஸ்.யூ.டி. 0-வுக்கு வராமல் (சில நேரம் நிஜ நிலைமைக்கு 1 நியாயமாக இருக்கும்) ஐந்தாம், ஆறாம் கட்டங்களுக்குப் போகக் கூடாது. இது முடியாத செஷன். தயாரிப்பில் பழகிய அமைதி இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து, கால் தரையில் பதிவதை உணரச் செய்து, இடையில் கனவோ புது நினைவோ வந்தால் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மயக்க முகத்தோடு வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள்.

அடுத்த வாரம் செருப்புக் காட்சியில் எஸ்.யூ.டி. மறுபடி 4. ஏறிவிட்டதே என்று பதற வேண்டாம், அங்கிருந்து தொடருங்கள். அது 0 ஆகி, நல்ல வாக்கியம் 7-ல் நின்று, உடலும் இறுக்கமில்லாமல் இருந்தாலும் கேஸ் முடியவில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டால் இப்போது என்ன ஆகிறது என்று தனியாக எடுங்கள். பிறகு மகனைப் பின்னால் வைத்து அதே ரோட்டில் போவதை மனதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் திருப்பத்திலேயே அவர் தோள் இறுகினால், அடுத்த செட்டுக்கு இலக்கு அதுதான்.