படித்த குறிப்புகளிலிருந்து இலக்கிய மீளாய்வு அட்டவணை: தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கு

கட்டுரைக்கு ஒரு பக்கம் என்று சுருக்கம் எழுதி வைத்திருப்பீர்கள். அதிலிருந்தே மீளாய்வை எழுதத் தொடங்கினால் ‘இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார்’ என்று பத்தி பத்தியாக நீளும். ஆய்வுகளை ஒன்றோடொன்று ஒப்பிட, குறிப்புகளை முதலில் அட்டவணையாக்க வேண்டும். வகுப்பில் கையால் குறிப்பெடுப்பது நல்லதா, மடிக்கணினியில் எடுப்பது நல்லதா என்ற கேள்வியை வைத்துச் செய்து பார்ப்போம்.

1. வரிசைகளைப் பிரியுங்கள்

எக்செல் தாளில் ஆய்வு, முறை, மாதிரி, கண்டறிந்தவை, வரம்புகள் என ஐந்து பத்திகள் போடுங்கள். கட்டுரைக்கு ஒரு வரிசை என்று வைக்காதீர்கள். இந்தக் கேள்வியைப் பற்றி முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஒரே கட்டுரையில் மூன்று ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மூன்று வரிசைகள் தேவை. ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

2. முறை, மாதிரி

‘சோதனை முறை’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. என்ன செய்யச் சொன்னார்கள், எப்போது அளந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். மாதிரியில், சேர்ந்தவர்கள் எத்தனை பேர், கணக்கில் எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு எண்கள் வரலாம். இரண்டையும் குறியுங்கள்.

3. கண்டறிந்தவை

எதை அளந்து இந்த முடிவு கிடைத்தது என்பதும் இந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும். ‘கையெழுத்தே சிறந்தது’ என்று எழுதினால் பாதி உண்மை தொலைந்துவிடும். கீழே இரண்டு வரிசைகளை நிரப்பியிருக்கிறேன். அதிலுள்ள (நா) என்ற அடையாளத்தின் பொருள் அடுத்த படியில் வரும்.

| ஆய்வு | முறை | மாதிரி | கண்டறிந்தவை | வரம்புகள் |
|---|---|---|---|---|
| முல்லர், ஓப்பன்ஹைமர் 2014, ஆய்வு 1 | காணொளி உரைக்குக் குறிப்பெடுத்தல். சுமார் அரை மணி நேரம் கழித்துத் தேர்வு | பிரின்ஸ்டன் மாணவர்கள் 67. கணக்கில் 65 | தகவல் வினா: வேறுபாடு இல்லை. புரிதலைச் சோதிக்கும் கருத்து வினா: கையால் எழுதியவர்கள் மேல் | (நா) தேர்வுக்கு முன் குறிப்பைத் திரும்பப் படிக்கவில்லை |
| உர்ரி குழு 2021 | அதே சோதனை மீண்டும் | டஃப்ட்ஸ் மாணவர்கள் 142 | மடிக்கணினியில் சொற்கள் அதிகம். தேர்வில் தெளிவான வேறுபாடு இல்லை | (நா) இதிலும் திரும்பப் படிக்கவில்லை |

4. வரம்புகள்

பலர் இந்தப் பத்தியைக் காலியாக விடுகிறார்கள். எனக்கு இதுதான் மிக முக்கியமான பத்தி. ஆசிரியர்களே ஒப்புக்கொண்ட குறைக்கு (ஆ) என்றும், நீங்கள் கண்ட குறைக்கு (நா) என்றும் அடையாளமிடுங்கள். பக்க எண்ணையும் சேருங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் கழித்து உங்கள் கருத்தை ஆசிரியரின் கருத்தாக மேற்கோள் காட்டிவிடுவீர்கள்.

முதல் வரிசையில் ‘திரும்பப் படிக்கவில்லை’ என்று குறித்தோம். அதே கட்டுரையின் மூன்றாம் ஆய்வில் ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்து, சிலருக்குத் தேர்வுக்கு முன் குறிப்பைப் படிக்க நேரமும் கொடுத்தார்கள். ஒரே வரிசையில் அடைத்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

5. மேலிருந்து கீழாகப் படியுங்கள்

இப்போது ஒவ்வொரு பத்தியையும் கீழ்நோக்கிப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். மேலுள்ள இரண்டு வரிசைகளிலிருந்து எனக்குக் கிடைத்த வாக்கியம் இது: “குறிப்பைத் திரும்பப் படிக்காமல் எழுதிய தேர்வில், 2014இல் கருத்து வினாக்களில் தெரிந்த கையெழுத்தின் மேன்மை, கூடுதல் மாணவர்களோடு 2021இல் அதே சோதனையை மீண்டும் செய்தபோது உறுதிப்படவில்லை.”